சிறுநீர் கறுப்பு, சீரம் தெளிவு

என் கையெழுத்தில் ஒரு சிறுநீர் அறிக்கை இருக்கிறது. அதன் பிரதியை இன்றும் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். நிறம்: கடும் கபிலம். குருதி: நான்கு பிளஸ். செங்குழியங்கள்: காணப்படவில்லை. இந்த மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கையொப்பமிட்டு, விடுதிக்கு அனுப்பிவிட்டு நான் அடுத்த மாதிரியை எடுத்தேன். நான்கு பிளஸ் குருதி இருக்கிறது, ஆனால் குருதியின் கலம் ஒன்றுகூட இல்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகும் என்று அந்த நேரம் என் கை நின்று யோசிக்கவில்லை.

நான் வன்னியில் ஒரு சிறிய அரச வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மையநீக்கி ஒன்று, நுணுக்குக்காட்டி இரண்டு, உப்புகளையும் ஈரல் நொதியங்களையும் பார்க்கும் சிறு இயந்திரம் ஒன்று. தசை நொதியமான சி.கே. அளக்கும் மருந்து எங்களிடம் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பரிசோதனைக்குக் குருதி பெரிய வைத்தியசாலைக்குப் போய், பதில் தொலைபேசியில் வரவேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், நான் எழுதப்போகும் வேலைக்குக் கண்ணும் ஒரு வெள்ளைத் தாளும் போதும் என்பதுதான்.

அது ஆடி மாதம். சோளகக் காற்று வீசும் நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் கடல் அடங்கியிருக்கும், கரைவலை மும்முரமாக நடக்கும். நண்பகலுக்குச் சற்று முன்னர் நாற்பது வயது மதிக்கத்தக்க தொழிலாளி ஒருவரை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். விடியற்காலை வலை இழுத்தவர். எட்டு மணியளவில் கழுத்தும் தொடையும் இறுகத் தொடங்கியிருக்கின்றன. பத்து மணிக்கு வாய் திறப்பதே கஷ்டமாகிவிட்டது. வைத்தியசாலையில் போன முதல் சிறுநீர், சாயம் கூடிய வெறுந்தேநீரைப் போல இருந்தது.

விடுதியில் இருந்த இளம் வைத்தியருக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று எலிக்காய்ச்சல், உடம்பு வலியும் நிறம் மாறிய சிறுநீரும் வந்தால் இங்கே எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது அதுதான். மற்றது புடையன் கடி. கடற்கரைக்குப் போகும் வழி பற்றைக்காடு, இருட்டில் நடந்திருக்கிறார், கடி தெரியாமல் போயிருக்கலாம். கண்ணாடிப் புடையனின் நஞ்சு செங்குழியங்களை உடைக்கும் என்பது அவர் படித்தது. என் அறிக்கை அந்த எண்ணத்துக்கு நன்றாகவே பொருந்தியது.

அதற்குப் பிறகு வந்த குருதி மாதிரிதான் எல்லாவற்றையும் குழப்பியது. அதை மையநீக்கியில் சுற்றி எடுத்தபோது, கலங்கள் படிந்தபின் மேலே நிற்கும் திரவமான சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது. வழக்கம்போல அறிக்கையின் அடியில் 'மாதிரியில் குருதிச் சிதைவு' என்று குறித்தேன். பொட்டாசியம் 6.3, இதயத்தைப் பாதிக்கக்கூடிய அளவு. 'குருதிச் சிதைவு' என்ற குறிப்பு விடுதியில் இரண்டு விதமாக வாசிக்கப்பட்டது, இரண்டும் தவறு. சீரம் சிவப்பு என்றால் நோயாளியின் உடலுக்குள்ளேயே செங்குழியங்கள் உடைகின்றன, ஆகவே புடையன்தான் என்பது ஒரு வாசிப்பு. மாதிரி கெட்டுப்போனது, உடைந்த கலங்களிலிருந்து பொட்டாசியம் கசிந்திருக்கிறது, ஆகவே 6.3 பொய் என்பது மற்றது. ஒரே குறிப்பை ஒரு காரியத்துக்கு நம்பி, இன்னொரு காரியத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எழுதியது நான்.

வைத்தியர் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், பாம்பு நஞ்சுமுறி மருந்து தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். சிறுநீரில் ஈமோகுளோபின் என்று உறுதியாகச் சொல்வீர்களா?"

அப்போதுதான் என் மூன்று வரிகளையும் நான் உண்மையாக வாசித்தேன். "இல்லை டொக்டர்" என்றேன். "ஸ்ட்ரிப் அதைச் சொல்லாது. பதினைந்து நிமிடம் தாருங்கள்."

சிறுநீர் ஸ்ட்ரிப்பில் 'குருதி' என்று பெயரிட்ட அந்தச் சதுரத்துக்குக் குருதியைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஈம் என்ற இரும்புச் சேர்வை மட்டும். ஈம் ஒரு நொதியத்தைப் போலச் செயற்பட்டுச் சதுரத்தில் உள்ள சாயத்தைப் பச்சையாக்குகிறது. அந்த ஈம் முழுச் செங்குழியத்துக்குள் இருக்கலாம், உடைந்த செங்குழியத்திலிருந்து வெளியேறிய ஈமோகுளோபினில் இருக்கலாம், சிதைந்த தசையிலிருந்து வந்த மயோகுளோபினில் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பச்சை. முழுக் கலங்கள் சிறிதளவு இருந்தால் பச்சை புள்ளி புள்ளியாக விழும், கரைந்த நிறமி என்றால் சீராகப் பரவும். ஆனால் நான்கு பிளஸ் என்ற அளவில் அந்த வித்தியாசமும் மறைந்துவிடும்.

ஆகவே முதலில் கேட்கவேண்டியது, செங்குழியங்கள் உண்மையாகவே இல்லையா, அல்லது இருந்து உடைந்துபோயினவா என்பது. இது எங்கள் ஊரில் அடிக்கடி ஏமாற்றும். தூரத்துக் கிராமத்திலிருந்து காலையில் சோடாப் போத்தலில் எடுத்த சிறுநீர், பஸ்ஸில் இரண்டு மணிநேரம் வெயிலில் வந்து சேரும்போது அதிலிருந்த கலங்கள் கரைந்திருக்கும். சிறுநீர் மிகவும் நீர்த்திருந்தாலும் கலங்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும், சார்படர்த்தி 1.010க்குக் கீழே இருந்தால் 'செங்குழியம் இல்லை' என்பதை நான் நம்புவதில்லை. வெளிற்றும் திரவத்தால் கழுவிய போத்தலாக இருந்தால் குருதியே இல்லாமலும் சதுரம் பச்சையாகும். இந்த நோயாளியின் சிறுநீர் எங்கள் போத்தலில், விடுதியில் எடுத்தது. அரை மணிநேரத்துக்குள் என்னிடம் வந்தது. சார்படர்த்தி 1.025. ஆகவே அந்தக் கதவுகள் மூடப்பட்டுவிட்டன.

மீதியிருந்த சிறுநீரில் பத்து மில்லிலீற்றரை மையநீக்கியில் ஐந்து நிமிடம் சுற்றினேன். குருதிக் கலங்கள்தான் நிறத்துக்குக் காரணம் என்றால் அவை அடியில் சிவந்து படியும், மேலே உள்ள நீர் மஞ்சளாகத் தெளியும். இங்கே அடியில் சிறிது மண்ணிறக் கசடு, மேலே அதே கடும் கபிலம். மேல்நீரில் புதிய ஸ்ட்ரிப்பை நனைத்தேன். மறுபடியும் நான்கு பிளஸ். அந்த மேல்நீரில் ஸ்ட்ரிப் நிறம் மாறாமல் இருந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பேன்: மஞ்சட்காமாலையின் பித்தம், காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், பீற்றூட் கறி. ஸ்ட்ரிப் பச்சையானதால் கரைந்த ஈம் என்பது நிச்சயமானது. இனி மீதமிருந்தது ஈமோகுளோபினா மயோகுளோபினா என்ற ஒரே கேள்வி, அதற்குச் சிறுநீரைப் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை. குருதியைப் பார்க்கவேண்டும்.

ஈமோகுளோபின் பெரிய மூலக்கூறு, ஏறக்குறைய 64,000 டால்ற்றன். கலத்திலிருந்து வெளியே வந்ததும் ஹப்டோகுளோபின் என்ற புரதம் அதைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டுண்டது சிறுநீரக வடிகட்டிக்குள் நுழையாது. அந்தப் புரதம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் மிஞ்சிய ஈமோகுளோபின் சிறுநீருக்குள் வழியும். அதாவது சிறுநீர் சிவக்கும் முன்பே குருதியின் திரவப்பகுதி சிவந்திருக்கவேண்டும். மயோகுளோபினோ சின்னஞ்சிறியது, ஏறக்குறைய 17,000. அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. தசையிலிருந்து கசியக் கசியச் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். சிறுநீர் தேநீராக இருக்கும்போதும் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாகவே இருக்கும்.

எங்கள் மாதிரியின் சீரம் சிவப்பு. விதிப்படி பார்த்தால் ஈமோகுளோபின். ஆனால் அந்தச் சிவப்பு நோயாளியின் நாளத்தில் பிறந்ததா, ஊசியில் பிறந்ததா? விடுதித் தாதியைக் கேட்டேன். "கை மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது அக்கா, மடக்கவும் முடியவில்லை. புறங்கையில் சின்ன ஊசியால்தான் எடுத்தேன். இழுத்து இழுத்துத்தான் வந்தது" என்றார். பதில் அங்கேயே இருந்தது. மெல்லிய ஊசி வழியாக வலிந்து இழுத்த குருதியை, ஊசியைக் கழற்றாமலே குழாய்க்குள் பீய்ச்சினால் கலங்கள் உடையாமல் என்ன செய்யும்?

நானே குழாய்களுடன் விடுதிக்குப் போனேன். மற்றக் கையின் முழங்கை மடிப்பில், பச்சைத் தலையுள்ள 21 கேஜ் ஊசி. இறுக்குப் பட்டியை நாளம் தெரிந்ததும் தளர்த்தினோம். கைவிரல்களைப் பொத்தி விரிக்கச் சொல்லவில்லை. மெதுவாக எடுத்து, ஊசியைக் கழற்றி, குழாயின் சுவரோடு வழியவிட்டோம். கூடவே சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் குருதியை எடுத்து, கட்டில் பக்கத்திலேயே இருபது நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு வைத்தியர் சரித்துப் பார்த்தார். கட்டியாக உறைந்திருந்தது. புடையன் நஞ்சு செங்குழியங்களை உடைக்கும் அளவுக்கு ஏறியிருந்தால் குருதி உறையாமல் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

மற்றக் குழாயை அரை மணிநேரம் உறையவிட்டுச் சுற்றினேன். வெள்ளைத் தாளின் முன்னால் மூன்று குழாய்களை வரிசையாகப் பிடித்தேன்: அன்று காலை வந்த வேறொரு நோயாளியின் நல்ல சீரம், இவருடைய முதல் சீரம், இவருடைய இரண்டாவது சீரம். முதலாவதும் மூன்றாவதும் ஒரே நிறம். நடுவில் இருந்தது மட்டும் ரோசா. பக்கத்தில் கறுப்பாக நின்றது சிறுநீர்க் குழாய்.

தசைதான் உருகிக்கொண்டிருக்கிறது. அதைவிட அவசரமான செய்தி இயந்திரத்திலிருந்து வந்தது. தெளிந்த சீரத்திலும் பொட்டாசியம் 6.1. குழாயில் கலம் உடைந்து வந்த பொய்க்கணக்கு இல்லை இது. இறந்துகொண்டிருக்கும் தசை கொட்டிய உண்மையான பொட்டாசியம். நான் எழுதிய 'குருதிச் சிதைவு' என்ற இரண்டு சொற்களால் ஒரு மணிநேரமாக யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வைத்தியர் உடனே இதய மின்வரைபு எடுத்தார். ரி அலைகள் கூராக எழுந்திருந்தன. கல்சியம் குளுக்கோனேற்று ஏற்றினார்கள். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சி.கே. இல்லாத ஆய்வுகூடத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஈரல் நொதியங்கள் என்று நாம் அளக்கும் இரண்டில் ஏ.எஸ்.ரி. தசையிலும் தாராளமாக இருக்கிறது, ஏ.எல்.ரி. அங்கே குறைவு. இவருக்கு ஏ.எஸ்.ரி. 640, ஏ.எல்.ரி. 150, பிலிருபின் சாதாரணம். இந்த ஏற்றத்தாழ்வு தசையைச் சுட்டும். செங்குழியம் உடைந்தாலும் ஏ.எஸ்.ரி. கூடலாம் என்பதால் இதைத் தனியாக நம்பக்கூடாது. தெளிந்த சீரம் பக்கத்தில் இருந்ததால்தான் நான் இதற்கு மதிப்புக் கொடுத்தேன்.

ஏன் தசை உருகுகிறது என்ற கேள்விக்குப் பதில் விடுதி வாசலில் நின்றது. வைத்தியர் மறுபடியும் மனைவியிடம் விசாரித்தார். "வலை கொட்டும்போது கெளிற்று முள் குத்தியது என்றுதான் சொன்னார் ஐயா. பெரிதாக நோகவில்லை, வேலையை விடவில்லை" என்றார் அவர். கெளிற்று முள் குத்தினால் ஆள் துள்ளுவார், கை வீங்கும். நோகாத முள் கடற்கரையில் இல்லை. கையைக் கழுவித் துடைத்துப் பார்த்தபோது பெருவிரல் அடியில் ஊசிமுனை அளவில் இரண்டு புள்ளிகள். வீக்கம் இல்லை. கூட வந்தவர்களில் ஒருவர் அப்போதுதான் சொன்னார், வலை மடியில் வலக்கடியன் ஒன்று கிடந்ததாகவும் தடியால் தட்டிக் கடலில் விட்டதாகவும். எங்கள் கரையில் கடற்பாம்புக்கு அந்தப் பெயர்.

கடற்பாம்பின் கடி பெரும்பாலும் வலிக்காது. அரை மணியிலிருந்து சில மணிநேரத்துக்குள் உடம்பு முழுவதும் தசை நோவும் இறுக்கமும் தொடங்கும், வாய் பூட்டிக்கொள்ளும், பின்னர் சிறுநீர் கறுக்கும். வரிசை அப்படியே இவரிடம் இருந்தது. இலங்கையில் நாம் பயன்படுத்தும் இந்திய நஞ்சுமுறி மருந்து நாகம், கண்ணாடிப் புடையன், சுருட்டைப் புடையன், கட்டு விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகத் தயாரிக்கப்படுவது. கடற்பாம்புக்கு அதில் ஒன்றும் இல்லை. அதே நேரம் அந்த மருந்தால் வரும் ஒவ்வாமை எங்கள் நாட்டில் அடிக்கடி, கடுமையாகவும் வருகிறது. ஏற்றியிருந்தால் பயன் எதுவுமில்லாமல் ஆபத்தை மட்டும் வாங்கியிருப்போம்.

சேலைன் ஓடவிட்டு, சிறுநீர் அளவைக் குழாய் வைத்து அளந்து, அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். சி.கே. பதில் மாலையில் தொலைபேசியில் வந்தது: 24,000. சாதாரண அளவு 200க்குள். மறுநாள் அது 60,000ஐத் தாண்டியது. மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது.

இதை வைத்து, கறுத்த சிறுநீரும் தெளிந்த சீரமும் என்றால் தசை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாமா? பெரும்பாலும் ஆம், ஆனால் நேரம் ஏமாற்றும். மயோகுளோபின் சில மணிநேரங்களில் குருதியிலிருந்து போய்விடும். சி.கே. மெதுவாக ஏறி ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு ஆறுதலாக இறங்கும். ஆகவே அடுத்த நாள் வந்து சிறுநீர் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துத் தசை பிழைத்தது என்று சொல்லமுடியாது. மிகச் சீக்கிரம் எடுத்த ஒரு சி.கே. சாதாரணமாக இருப்பதைப் பார்த்தும் சொல்லமுடியாது.

எதிர்ப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுப் பையன், அலமாரியில் போடும் நப்தலின் உருண்டையை இனிப்பு என்று வாயில் போட்டவன். இரண்டாம் நாள் வெளிறிப்போய் வந்தான், சிறுநீர் கடும் சிவப்பு, செங்குழியம் இல்லை. சீரம் ரோசா. இந்த முறை நான் எதுவும் எழுதாமல் மற்றக் கையிலிருந்து என் முன்னாலேயே எடுக்கச் சொன்னேன். அதுவும் ரோசா. இரண்டு கைகள், இரண்டு ஊசிகள், ஒரே நிறம் என்றால் அது நோயாளியின் நிறம். ஈமோகுளோபின் 6.2 கிராமுக்கு இறங்கியிருந்தது. குருதிப் பூச்சில் ஓரம் கடிபட்ட பிஸ்கற்றுகளைப் போலச் செங்குழியங்கள். ஜி-6-பி-டி நொதியக் குறைபாடு என்ற சந்தேகம் சரியாக இருந்தும், அந்த வாரம் செய்த நொதியப் பரிசோதனை சாதாரணம் என்றே வந்தது. குறைபாடு கூடிய முதிய கலங்கள் உடைந்து போய், நொதியம் நிறைந்த இளம் கலங்கள் மட்டும் மிஞ்சியிருந்ததுதான் காரணம். மூன்று மாதம் கழித்துச் செய்தபோது குறைபாடு தெரிந்தது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு இன்றும் தலையிடி. இலங்கைக் கண்ணாடிப் புடையனின் நஞ்சு செங்குழியத்தையும் உடைக்கும், தசையையும் சிதைக்கும். வயலில் கடிபட்டு வருபவரின் சீரம் இரண்டு கைகளிலும் ரோசாவாக இருந்து, சி.கே.யும் ஆயிரக்கணக்கில் இருந்தால் எது என்று கேட்பதே பிழை. இரண்டும்தான். தெளிந்த சீரம் ஈமோகுளோபினை விலக்க உதவும். சிவந்த சீரம் மயோகுளோபினை விலக்காது.

படித்த காலத்தில் அமோனியம் சல்பேற்று முறை ஒன்றைச் சொல்லித் தந்தார்கள். 1958இல் வெளியான முறை. ஐந்து மில்லிலீற்றர் சிறுநீரில் 2.8 கிராம் அமோனியம் சல்பேற்றைக் கரைத்தால் ஈமோகுளோபின் படியும், மயோகுளோபின் மேல்நீரில் நிற்கும். மீனவரின் எஞ்சிய சிறுநீரில் அன்று பின்னேரம் அதையும் செய்தேன், கபிலம் மேலேயே நின்றது. ஆனால் பக்கத்தில், சாதாரணச் சிறுநீரில் உடைத்த குருதியைக் கலந்து செய்த ஒப்பீட்டுக் குழாயிலும் மேல்நீர் முழுவதாக வெளுக்கவில்லை, இலேசான சிவப்பு மிஞ்சியது. பழைய சிறுநீரில் மயோகுளோபினும் திரிந்து படியலாம். ஒப்பீட்டுக் குழாயே இப்படிச் சாட்சி சொன்ன பிறகு அந்த முறையை வைத்து நான் ஒரு அறிக்கையும் எழுதியதில்லை.

இப்போது எங்கள் ஆய்வுகூடத்தில் 'குருதிச் சிதைவு' என்ற இரண்டு சொற்கள் தனியாகப் போவதில்லை. சிறுநீர் கறுத்தவருக்கு முதல் சீரம் சிவந்தால் 'மறுகையில் மீண்டும் எடுத்து அனுப்பவும், பொட்டாசியத்தை அதுவரை பொய் என்று கொள்ளவேண்டாம்' என்று எழுதி, தொலைபேசியிலும் சொல்கிறோம். சிறுநீர் அறிக்கையில் 'குருதி நான்கு பிளஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'ஈம் நிறமி, கலங்கள் இல்லை, சீரத்தின் நிறம் இன்னது' என்ற வரியும் சேரும். அதற்கு அச்சிட்ட படிவத்தில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.

ஐந்தாவது வாரம் அந்த மீனவர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் பார்க்க வந்தார். அனுமதித்த அன்று 2.4, உச்சத்தில் 7 தாண்டியது, இப்போது 1.3. நடையில் இன்னும் கொஞ்சம் இழுப்பு இருந்தது. குருதி எடுக்கும்போது பெருவிரலைக் காட்டி, "இதில் ஒரு அடையாளமும் இல்லை தங்கச்சி, சம்மாட்டி நம்பமாட்டேன் என்கிறார்" என்றார். சுற்றி எடுத்த குழாயைப் பழக்கத்தில் வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்தேன். வைக்கோல் நிறம்.